முதல் பிள்ளை இல்லாத வீடு

தமிழில் ஒரு வேடிக்கை உண்டு. நாம் வேலை பார்த்து வாங்குவதற்கும் சம்பளம் என்று பேர். பிள்ளைகளுக்காகப் பள்ளிக்கூடத்தில் கட்டுவதற்கும் சம்பளம் என்றுதான் பேர். ஐம்பது தாண்டிய வயதில், இந்தச் சைகோனில், எனக்கு முதல் சம்பளம் நின்றுபோயிற்று. இரண்டாவது சம்பளம் நிற்கவில்லை. கன்னியர் மடத்துப் பள்ளிக்கூடத்தில் என் மகள்கள் மூவரும் படித்துக்கொண்டிருந்தார்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை முன்கூட்டியே கட்டவேண்டும்.

நான் அந்த வருஷத்தை எப்படித் தாண்டினேன் என்று கேட்டு இன்றைக்கும் ஆட்கள் என் வீட்டுக்கு வருகிறார்கள். வேலை போனவன் முகம் எனக்குத் தூரத்திலேயே தெரியும். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி வாய் வலித்துவிட்டதால் எழுதுகிறேன். எழுத்து எனக்கு அதிகம் வராது. காரைக்காலில் சின்ன வகுப்போடு படிப்பு முடிந்தது. கப்பலில் வெங்காயம் உரிக்கும் வேலையோடு இங்கே வந்திறங்கி, ஆற்றங்கரையில் ஒரு பிரெஞ்சு வியாபாரக் கம்பெனியின் கிடங்கில் பெட்டி தூக்கி, பெட்டி எண்ணி, கடைசியில் அந்தக் கிடங்குக்கே தலைவனாக இருந்தவன் நான். சாவிக்கொத்து என் இடுப்பில் இருந்தது. துரைகளே கதவுக்கு வெளியே நின்று எனக்காகக் காத்திருப்பார்கள். இதில் ஒரு வார்த்தை கூட்டிச் சொல்லவில்லை.

அடுத்து என் வீட்டுக் கணக்கைச் சொல்லவேண்டும். அது புரியாவிட்டால் பின்னால் நடந்ததும் புரியாது. என் மனைவி இந்த ஊர்க்காரி. இந்த ஊரில் பிள்ளைகளை வீட்டில் பேர் சொல்லிக் கூப்பிடுவதில்லை, எண் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். அந்த எண் இரண்டில் தொடங்கும். தலைப்பிள்ளைக்கு இரண்டு என்று பேர், அடுத்ததற்கு மூன்று, அதற்கடுத்ததற்கு நாலு. ஒன்று என்று யாரும் கிடையாது. என் வீட்டிலும் அப்படித்தான். மூத்தவள் இரண்டு, நடுவில் மூன்று, கடைக்குட்டி நாலு. மனைவி என்னை ‘இரண்டோட அப்பா’ என்பாள், நான் அவளை ‘இரண்டோட அம்மா’ என்பேன். இந்த ஊர்ச் சந்தையில் இந்தியக்காரன் யாராக இருந்தாலும் ‘ஏழாம் அண்ணன்’தான். ஏன் ஏழு என்று எனக்கும் தெரியாது, கூப்பிடுகிறவர்களுக்கும் தெரியாது. இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் இப்படி வாழ்ந்தவனுக்கு, வேறு மாதிரியும் பிள்ளைகளை எண்ணலாம் என்பதே மறந்துபோய்விடும்.

அரிசி விலை விழுந்த காலம் அது. பக்கத்து ஊரான சோலோனில் அரிசி ஆலைகள் ஒவ்வொன்றாகப் புகை விடுவதை நிறுத்தின. ஆற்றில் படகுகள் சும்மா கட்டிக்கிடந்தன. ஒரு காலையில் கம்பெனிக் காசாளர் என்னைக் கூப்பிட்டார். அவர் புதுச்சேரிக்காரர், நல்ல மனிதர், கண்ணை மட்டும் நிமிர்த்தவில்லை.

“ஒரு மாசச் சம்பளம் சேத்துக் குடுக்கச் சொல்லிட்டாங்க. கிடங்குல பாதி காலி. சாவிய வச்சுட்டுப் போயிடுங்க.”

“சாவிய வைக்கிறேன். பத்திரம் குடுங்க.”

“என்ன பத்திரம்?”

“எந்த வருஷம் சேந்தேன், எந்த வருஷம் நின்னேன், என்ன வேலை பாத்தேன்னு. தொரை கையெழுத்தோட.”

“ஒழுக்கமானவர்னு ஒண்ணு எழுதித் தர்றேனே.”

“ஒழுக்கத்த எங்க வீட்டுல நம்புறாங்க. எனக்கு வேலை என்னன்னு எழுதணும். கப்பல்லேருந்து பெட்டி எடுத்தது, துவான்ல கையெழுத்துப் போட்டது, கிடங்கக் காத்தது. இது மூணும் இல்லாட்டி நான் எந்திரிக்க மாட்டேன்.”

சுங்கச்சாவடியை நாங்கள் துவான் என்போம். எழுந்திருக்க மாட்டேன் என்றால் எழுந்திருக்க மாட்டேன்தான். மத்தியானம் கம்பெனி மூடும் நேரம் வரை அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். கடைசியில் மூன்றும் எழுதிய பத்திரம் கைக்கு வந்தது. வேலை போகிறவர்களுக்கு நான் சொல்லும் முதல் வார்த்தை இதுதான். போகிற அன்றைக்குத்தான் அவர்களுக்கு உங்கள் மேல் கொஞ்சம் கூச்சம் இருக்கும். கேட்கவேண்டியதை அன்றைக்கே கேட்டு வாங்கிவிடுங்கள். அடுத்த வாரம் போனால் காவல்காரன் வாசலிலேயே நிறுத்திவிடுவான்.

வீட்டில் சொன்னேன். மனைவி அழவில்லை. அடுப்பில் இருந்த சட்டியை இறக்கி வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

“புள்ளைங்க ஸ்கூல்?” என்று கேட்டாள். அவள் தமிழ் என்னிடம் கற்ற தமிழ், சுருக்கமாகத்தான் இருக்கும்.

“நிக்காது.”

“இரண்டு பரீட்சை எழுதணும். இந்த வருஷம்.”

“தெரியும்.”

மூத்தவள் அந்த வருஷம் எழுதவேண்டிய பரீட்சை பெரிய பரீட்சை. அது கையில் இருந்தால் பள்ளிக்கூடத்தில் டீச்சராகலாம், தபால் ஆபீசில் உட்காரலாம். எனக்குத் தெரிந்த தமிழ்க்குடும்பங்களில் அவ்வளவு தூரம் படித்த பெண் அவள் ஒருத்திதான். தெரிந்தவர்கள் எல்லாரும் ஒரே மாதிரி யோசனை சொன்னார்கள். பெண்பிள்ளைகள்தானே, நிறுத்திவிடு, மூத்தவளுக்கு மாப்பிள்ளை பார். நல்லது என்று தலையாட்டினேன். ஒருவர் சொன்னதையும் செய்யவில்லை. படிப்பில்லாமல் முன்னுக்கு வருவது எப்படி என்று எனக்குத் தெரியும். அதற்கு எவ்வளவு மூட்டை தூக்கவேண்டும் என்றும் தெரியும். என் பெண்கள் மூட்டை தூக்கப் போவதில்லை.

அடுத்த நாள் செட்டியாரைப் பார்க்கப் போனேன். முருகன் கோயிலுக்குப் பக்கத்துத் தெருவில் லேவாதேவி நடத்தியவர், எனக்குப் பல வருஷப் பழக்கம். பாயில் உட்கார்ந்து விசிறிக்கொண்டிருந்தார்.

“வாங்க. கோட்டெல்லாம் போட்டு வந்திருக்கீக, என்ன விசேஷம்?”

“வேலைய விட்டு நிறுத்திட்டானுவ, செட்டியாரே.”

“அப்ப கோட்டக் கழட்டுங்க, வேர்க்குது பாக்கயிலே. மோரு சாப்பிடுறீகளா?”

மோர் வந்தது. என் திட்டத்தைச் சொன்னேன். கம்பெனி கொடுத்த பணத்தோடு மனைவியின் நகையை அவரிடம் வைத்து மேலும் கொஞ்சம் வாங்கி, சந்தைக்குப் பக்கத்தில் மளிகைக்கடை.

“நகைய வைங்க. நா பணம் தாரேன். எந்தொழிலே அதுதான்” என்றார். “ஆனா ஒண்ணு கேக்குறேன். சந்தைக்குப் பக்கத்துல மூடிக்கெடக்குற கடைய எண்ணிப் பாத்தீகளா? எங்கிட்டயே சில கடைச் சாவி கெடக்கு. எடுக்க ஆளில்லே. கடைன்னா மொதல்ல வாடகை, அப்பறம் சர்க்காருக்குத் தொழில்வரி, அப்பறம் சரக்கு. அதுக்கப்பறமில்ல விக்கணும்.”

“அப்ப ஸ்கூல் சம்பளத்துக்கு மட்டும் கடனாக் குடுங்க.”

“வட்டிக்கு வாங்கி அங்கெ கட்டுனா, அடுத்த தவணைக்கி ரெண்டு சம்பளமாயிரும். அங்கெ ஒண்ணு, இங்கெ ஒண்ணு. அவுக பாடமாச்சும் சொல்லித்தருவாக. நா என்னத்தச் சொல்லித்தரப் போறேன்?”

சிரித்துவிட்டேன். அவரும் சிரித்தார். பிறகு, “ஒங்களுக்கு என்ன தெரியுமோ அதை விட்டுப்புட்டு, தெரியாத மளிகைக்கிப் போறீகளே” என்றார். பேச்சுவாக்கில் இன்னொன்றும் சொன்னார். ஜவுளிக்கடைக்காரர்கள் பலர் தங்கள் கிடங்கு ஆளை நிறுத்திவிட்டார்களாம். மாதம் சில பெட்டிதான் வருகிறது, அதற்கு ஒரு ஆளா என்று. இப்போது முதலாளிமாரே துறைமுகத்தில் போய் நின்று அல்லாடுகிறார்களாம்.

அப்போதுதான் எனக்குப் பொறி தட்டியது. ஒரு கம்பெனிக்கு முழு ஆளாக இருந்த நான், பல கடைகளுக்குக் கொஞ்சம் கொஞ்சமாக ஆளாக இருந்தால் என்ன? யோசனை என்னுடையதுதான். செட்டியார் வாயைத் திறந்தார், நான் மூளையைத் திறந்தேன். நகை என் மடியிலேயே திரும்பி வந்தது.

மறுநாள் முதல் பத்திரத்தைக் காட்டிக் கடை கடையாக ஏறினேன். பள்ளிவாசல் பக்கத்து ஜவுளிக்கடைகள், சாராயமும் டின்சாமானும் இறக்கும் கடைகள். சிலர் சேர்த்துக்கொண்டார்கள், சிலர் பிறகு பார்க்கலாம் என்றார்கள். பெட்டிக்கு இவ்வளவு என்று பேசினேன், மாதச்சம்பளம் கேட்கவில்லை. மாதச்சம்பளம் என்றால் முதலாளிக்குப் பயம், பெட்டிக்கு இவ்வளவு என்றால் பயமில்லை. மனைவியும் சும்மா இருக்கவில்லை. புதுச்சேரியிலிருந்து புதிதாக வந்து தனியாக இருந்த குமாஸ்தாப் பையன்கள் சிலருக்கு மாதக் கணக்கில் சாப்பாடு போட்டாள். அவள் வைக்கும் சாம்பாரில், இந்த ஊரார் எல்லாவற்றிலும் ஊற்றும் உப்பு மீன்தண்ணீர் விழுந்திருக்கும். பையன்கள் முதல் நாள் முகத்தைச் சுளித்தார்கள், அடுத்த வாரம் இரண்டாம் தரம் கேட்டு வாங்கினார்கள்.

இவ்வளவும் செய்தாலும் வருகிற தவணைக்குப் போதாது என்று தெரிந்தது. அதனால்தான் தவணை நாள் வருவதற்கு முன்பே மடத்துக்குப் போனேன். நாள் கடந்து போகிறவன் கடன்காரன், முன்னால் போகிறவன் பெரிய மனுஷன். மூத்தவள் துணைக்கு வருகிறேன் என்றாள். “ஒன் அப்பனுக்குப் பிரெஞ்சு தெரியாதா?” என்று கேட்டுவிட்டுத் தனியாகப் போனேன். கிடங்கில் கற்ற பிரெஞ்சு என்னுடையது. இலக்கணம் கிடையாது, சத்தம் உண்டு.

பணப்பொறுப்பு வகித்த கன்னியாஸ்திரி அப்போதுதான் பிரான்சிலிருந்து வந்திருந்தார். மா மேர் என்றுதான் அவர்களை அழைக்கவேண்டும், என் தாயே என்று அர்த்தம். மெலிந்தவர், மூக்குக்கண்ணாடி, குரல் தணிந்திருந்தது. முதலில், பிள்ளைகள் மத்தியானச் சாப்பாட்டுக்கு இனி வீட்டுக்கு வருவார்கள், சாப்பாட்டுப் பணத்தைக் கழியுங்கள் என்றேன். கழித்தார். அடுத்து, மூன்று மாதத்துக்கு ஒன்றாக வேண்டாம், மாதாமாதம் கட்டுகிறேன் என்றேன். யோசித்துவிட்டுச் சரி என்றார்.

பிறகு அவராகவே சொன்னார். “பல பிள்ளைகளைப் பெற்ற குடும்பங்களுக்கு எங்களிடம் சலுகை உண்டு. மூன்றாவது பிள்ளைக்குப் பாதி, நாலாவது பிள்ளைக்கு இலவசம். உங்கள் பெண்கள் எத்தனையாவது?”

“இரண்டாவது, மூன்றாவது, நாலாவது” என்றேன்.

சத்தியமாகச் சொல்கிறேன், அந்த நேரத்தில் என் மனதில் வேறு எண்ணமே இல்லை. வீட்டில் என்னவோ அதைச் சொன்னேன்.

“முதலாவது?”

“முதலாவது இல்லை, மா மேர்.”

அவர் முகம் மாறியது. சிலுவை போட்டுக்கொண்டு, “கடவுளின் சித்தம்” என்று மெல்லச் சொன்னார். கடவுள் சித்தத்தில் எனக்கும் ஆட்சேபம் கிடையாது, நானும் தலையாட்டினேன். மூன்றுக்குப் பாதி, நாலுக்கு ஒன்றுமில்லை என்று எழுதிக்கொண்டார். நான் வெளியே வந்தபோது என் நடையைப் பார்த்திருக்கவேண்டும். கடைசி ரிக்‌ஷாக்காரன் வரைக்கும் என் சாமர்த்தியத்தைச் சொல்லிக்கொண்டே வீட்டுக்கு வந்தேன்.

சில நாள் கழித்து மூத்தவள் பள்ளிக்கூடத்திலிருந்து வந்து புத்தகத்தைக்கூடக் கீழே வைக்காமல் நின்றாள்.

“அப்பா, மா மேர்கிட்ட என்ன சொன்னீங்க? செத்துப்போன அக்காவுக்காக நான் ஜெபம் பண்றேனான்னு கேட்டாங்க.”

“எந்த அக்கா?”

“அதத்தான் நானும் கேட்டேன். நான்தான் மூத்தவன்னு சொன்னேன். அவங்க மூஞ்சி செவந்துபோச்சு. அப்பாவ வரச் சொல்லுன்னாங்க. பரீட்சைக்குப் பேர் அனுப்புற லிஸ்ட்டுல என் பேர எழுதல. நீங்க வந்து பேசின பின்னாடிதானாம். வெள்ளிக்கிழமை லிஸ்ட்டு போயிடும்.”

அவள் குரல் உடையவில்லை. என் மகள்.

மனைவி எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: “ஐயோ, இரண்டோட அப்பா. அவங்க ஊர்ல ஒண்ணு இருக்கு.”

அப்போதுதான் எனக்கு உறைத்தது. சம்பளத்தைக் குறைக்கச் செத்த பிள்ளையைச் சொன்னவன் என்று ஒரு கன்னியாஸ்திரி என்னை நினைத்துக்கொண்டிருக்கிறார். பணம் போனாலும் பரவாயில்லை. பேர் போனால் லிஸ்டில் மகள் பேர் ஏறாது. அன்றே கோட்டை மாட்டினேன். இந்தத் தடவை மகளையும் கூட்டிக்கொண்டேன். பிரெஞ்சை அவளிடம் விட்டுவிட்டேன். வேலைக்கேற்ற ஆளைப் போடத் தெரிந்தவன்தான் கிடங்குத் தலைவன்.

மா மேர் எங்களை உட்காரச் சொல்லவில்லை. மகள் எடுத்துச் சொன்னாள். இந்த ஊரில் தலைப்பிள்ளை இரண்டுதான், ஒன்று கிடையாது என்று.

“இரண்டில் தொடங்கி எண்ணுகிற ஊர் உலகத்தில் எங்கே இருக்கிறது?” என்றார் மா மேர். நம்பவில்லை.

வாசலில் மணியடிக்கும் சகோதரி ஒருவர் இருந்தார், இந்த ஊர்க்காரர், வயதானவர். எங்களுக்குத் தண்ணீர் கொண்டுவந்தவர் இதைக் கேட்டு வாயை மூடிக்கொண்டார். தோள் குலுங்கியது.

“என்ன சிரிப்பு?” என்றார் மா மேர்.

“மன்னிக்கணும், மா மேர். நான் எங்க வீட்டுல ஆறு.”

“அதனால் என்ன?”

“எனக்கு மேல நாலு பேர்தான்.”

மா மேர் விரலை மடக்கிப் பார்த்தார். மறுபடி மடக்கினார். “ஒன்று எங்கே போயிற்று?”

“யாருக்குத் தெரியும்? பேய் மூத்த பிள்ளையத் தேடி வந்தா ஏமாந்து போகட்டும்னு சொல்லுவாங்க. ஒண்ணுங்கிற பேர் ஊர்ப் பெரியவர் ஒருத்தருக்குத்தான்னும் சொல்லுவாங்க.”

“ஆக, பேய்க்காகச் செய்த ஏற்பாட்டில் நான் மாட்டிக்கொண்டேன்” என்றார் மா மேர். சிரிக்கவில்லை. ஆனால் நாற்காலியைக் காட்டினார். உட்கார்ந்தோம்.

கணக்கு சரியானது. இரண்டுக்கும் மூன்றுக்கும் முழுச் சம்பளம், நாலுக்குப் பாதி. அவர் எழுத எழுத, கையில் இருந்ததை மனதில் கூட்டிப்பார்த்தேன். எட்டவில்லை. கெஞ்சினால் கொஞ்சம் இறங்குவார் என்று தோன்றியது. கெஞ்சவில்லை. கெஞ்சி வாங்கும் சலுகையை அடுத்த தவணைக்கும் கெஞ்சித்தான் வாங்கவேண்டும்.

மடத்துக்குள் வரும்போதே நடையோரம் ஒரு பெரிய மரப்பெட்டியைப் பார்த்திருந்தேன். மூலை பிளந்து, அடிப்பலகை நீலப் பூசணம் பூத்து. பார்த்தவுடனே தெரிந்தது, கப்பலில் நனைந்த பெட்டி.

“அதில் என்ன வந்தது, மா மேர்?”

“சிலேட்டும் புத்தகமும். பாதி வீண். கப்பல் ஏஜெண்டிடம் கேட்டோம். நல்லபடி பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்து இருக்கிறது என்கிறார்கள்.”

“இருக்கும். பெட்டியைத் துறையில் பார்க்கும்போதே, ‘உடைந்திருக்கிறது, நனைந்திருக்கிறது’ என்று சீட்டில் எழுதிவிட்டுத்தான் கையெழுத்துப் போடவேண்டும். வண்டியில் ஏற்றிவிட்டால் அப்புறம் பேச்சுக்கே இடமில்லை.” பத்திரத்தை எடுத்து மேசையில் வைத்தேன். மகளைப் பார்த்தேன், அவள் ஒரு சொல் விடாமல் பிரெஞ்சில் சொன்னாள். “இனி மடத்துப் பெட்டிகளை நான் எடுக்கிறேன். பெட்டிக்கு இவ்வளவு. பணமாக வேண்டாம், சம்பளத்தில் கழியுங்கள்.”

மா மேர் பத்திரத்தை இரண்டு பக்கமும் படித்தார். “கழிப்பது வேலை முடிந்த பிறகு” என்றார். “முன்னால் அல்ல.”

“பின்னாலதான். நானும் அப்படித்தான் பேசுவேன்.”

“அடுத்த கப்பலில் எங்களுக்குச் சாமான் வருகிறது. அதைப் பார்க்கிறேன். அதுவரை இந்த மாதத்துக்குக் கையிலிருப்பதைக் கட்டிவிட்டுப் போங்கள்.”

கட்டினேன். அவர் பேனாவை மையில் தொட்டு, பரீட்சை லிஸ்டை எடுத்து, என் கண் முன்னால் என் மகள் பேரை எழுதினார். நான் எழுத்துக்கூட்டிப் படித்துச் சரிபார்த்தேன். பேருக்கு எதிரே எத்தனையாவது பிள்ளை என்று ஒரு கட்டம் இருந்தது. மா மேர் பேனாவைத் தூக்கிப்பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

“ஒன்று” என்றேன், பிரெஞ்சில், உரக்க.

வாசல் சகோதரி மறுபடி சிரித்தார். இந்தத் தடவை மா மேரும் சிரித்துவிட்டார்.

அடுத்த கப்பலில் மடத்துக்கு வந்த பெட்டிகளில் ஒன்று உடைந்துதான் வந்தது. மழையில் நனைந்தபடி ஏஜெண்டின் ஆளோடு நின்று சண்டை போட்டு, சீட்டில் எழுதி வாங்கினேன். நஷ்டஈடு மடத்துக்குக் கிடைத்தது. அதற்குப் பிறகு கழிப்பதில் மா மேர் ஒரு நாளும் தாமதித்ததில்லை. மடமே எனக்கு வேலை கொடுத்ததைப் பார்த்து, முன்பு ‘பிறகு பார்க்கலாம்’ என்று சொன்ன கடைக்காரர்களும் வந்து சேர்ந்தார்கள். கம்பெனியில் வாங்கியதைவிடக் குறைவாகத்தான் வந்தது, அதை மறைக்கமாட்டேன். ஆனால் என்னை நிறுத்தவேண்டுமென்றால் இனி அத்தனை முதலாளிகளும் ஒரே நாளில் கூடிப்பேசவேண்டும். ஜவுளிக்கடைக்காரரும் சாராயக்கடைக்காரரும் எந்தக் காலத்தில் கூடிப் பேசினார்கள்?

மூத்தவள் பரீட்சை எழுதினாள், தேறினாள். அந்த மடத்திலேயே சின்னப் பிள்ளைகளுக்கு எண் சொல்லிக்கொடுக்கும் வேலை கிடைத்தது. வகுப்பில் ஒன்றிலிருந்து தொடங்குவாள். வீட்டுக்கு வந்தால் அவள் இரண்டுதான்.

வேலை போய் என்னிடம் யோசனை கேட்டு வருகிறவர்களுக்கு இவ்வளவுதான் சொல்வேன். பத்திரத்தைக் கையோடு வாங்குங்கள். கொடுத்த பணத்தைத் தெரியாத கடையில் போடாதீர்கள். தெரிந்த வேலையைத் துண்டு துண்டாக விற்கப் பாருங்கள். பள்ளிக்கூடத்துக்குத் தவணை நாளுக்கு முன்னால் போங்கள். நல்ல கோட்டு இருந்தால் போட்டுக்கொள்ளுங்கள். படியேறும் முன் ஒரு நிமிஷம் நின்று, உங்கள் பிள்ளைகளை ஒன்றிலிருந்து எண்ணிப் பார்த்துக்கொண்டு உள்ளே போங்கள்.